படப் பரிந்துரைக்கு இரண்டு ஒல்லி அணிகள்: எந்த வழியில் கண்டுபிடிப்பது?

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் குரூப்லென்ஸ் என்று ஓர் ஆய்வுக்குழு இருக்கிறது. அவர்கள் வெளியிட்ட மூவிலென்ஸ் தொகுப்புகளில் பழையதும் சின்னதுமான ஒன்றில் 943 பேர், 1,682 படங்கள், சரியாக ஒரு லட்சம் மதிப்பீடுகள் உள்ளன. 1997 செப்டம்பரிலிருந்து 1998 ஏப்ரல் வரை அந்தத் தளத்தில் ஆட்கள் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டதன் பதிவு அது. ஆளுக்கு ஒரு நிரை, படத்துக்கு ஒரு நிரல் என்று அதை அட்டவணையாக விரித்தால் சுமார் 15 லட்சத்து 86 ஆயிரம் கட்டங்கள் வரும். அவற்றில் 6.3 சதவீதத்தில்தான் எண் இருக்கிறது, மற்றதெல்லாம் காலி. அந்தக் காலிக் கட்டங்களில் எந்த எண் விழும் என்று ஊகிக்க முடிந்தால், ஒருவர் பார்க்காத படங்களில் எதை அவருக்குச் சொல்லலாம் என்பது தெரிந்துவிடும்.

இதற்குப் பலரும் கையாளும் உபாயம், பெரிய அட்டவணையை இரண்டு ஒல்லியான அணிகளின் பெருக்கலாக எழுதுவது. ஆள் ஒவ்வொருவருக்கும் k எண்கள், படம் ஒவ்வொன்றுக்கும் k எண்கள். ஆளின் எண்களையும் படத்தின் எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கிக் கூட்டினால் வருவதுதான் ஊகம். k = 20 என்று வைத்தால் கண்டுபிடிக்க வேண்டியவை (943 + 1,682) × 20, அதாவது 52,500 எண்கள்.

அந்த எண்களைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. காலியிடங்களை நிரப்பிவிட்டு, முழு அட்டவணையை இப்படி ஒல்லி அணிகளாகப் பிரித்துத் தரும் எஸ்விடி என்ற கணித முறையைப் போடலாம். தெரிந்த மதிப்பீடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் திருத்திக்கொண்டே போகலாம், அதுதான் எஸ்ஜிடி. அல்லது ஓர் அணியை நிறுத்திவைத்து மற்றதைத் தீர்த்து, பிறகு மாற்றிச் செய்யும் ஏஎல்எஸ். இந்த அளவுள்ள ஓர் அட்டவணை கையில் இருக்கும்போது எதை எடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

மூன்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது

எந்த வழியானாலும் முதலில் சராசரிகளைக் கழித்துவிடுங்கள். இந்தத் தொகுப்பின் மொத்தச் சராசரி 3.53. எல்லாக் கட்டத்துக்கும் 3.53 என்றே ஊகித்தால் ஆர்எம்எஸ்இ, அதாவது பிழைகளின் வர்க்கங்களைச் சராசரி எடுத்து மூலம் கண்டால் வரும் எண், சுமார் 1.126. இந்த ஆள் தாராளமாகப் போடுபவரா கறாரானவரா, இந்தப் படம் பொதுவாகப் பிடித்ததா பிடிக்காததா என்ற இரண்டு சாய்வுகளை மட்டும் சேர்த்துக்கொண்டால் அது 0.944க்கு இறங்கிவிடுகிறது. இது சர்ப்ரைஸ் என்ற பைத்தான் லைப்ரரியின் ஆவணத்தில் இருக்கும் அளவு. அதே பட்டியலில் ஒல்லி அணிகளையும் சேர்த்த முறைக்கு 0.934.

இந்த இரண்டு எண்களையும் பார்த்து, "வெறும் 0.01 குறைக்கவா இவ்வளவு பாடு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாய்வுகளை மட்டும் வைத்தால், ஓர் ஆளின் சாய்வு அவருடைய எல்லாப் படங்களையும் ஒரே அளவில்தான் தூக்கும் அல்லது இறக்கும். படங்களின் வரிசை மாறவே மாறாது. 943 பேருக்கும் ஒரே பட்டியல், அவரவர் பார்த்ததை மட்டும் நீக்கிவிட்டு. உங்களுக்கென்று தனியாக ஒரு படத்தை மேலே கொண்டுவரும் வேலை முழுக்க அந்த 0.01க்குள்தான் நடக்கிறது. அதனால்தான் அந்தச் சின்ன மிச்சத்தை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில் இத்தனை அக்கறை.

படத்தின் சாய்வைக் கணக்கிடும்போதும் கடிவாளம் வேண்டும். இதே தொகுப்பில் 'ப்ரீஃபான்டெய்ன்' படத்துக்கு மூன்றே மதிப்பீடுகள், மூன்றும் ஐந்து நட்சத்திரம். 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு 583 மதிப்பீடுகள், சராசரி 4.36. வெறும் சராசரியை நம்பினால் முன்னது முதலிடத்தில் உட்கார்ந்துவிடும். எண்ணிக்கையோடு 10 கூட்டி வகுத்தால் நிலைமை மாறுகிறது. ப்ரீஃபான்டெய்னின் உபரி 1.47 × 3 = 4.41, அதை 13ஆல் வகுத்தால் 0.34, ஆக 3.87. ஸ்டார் வார்ஸுக்கு 0.83 × 583ஐ 593ஆல் வகுத்தால் 0.82, ஆக 4.35. நிறையப் பேர் சொன்னது கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது, மூன்று பேர் சொன்னது அடங்குகிறது. இந்த 10 போன்ற எண்ணைத்தான் இனி λ என்றும் கடிவாளம் என்றும் சொல்லப்போகிறேன்.

நிரப்பிவிட்டு எஸ்விடி

சாய்வுகளைக் கழித்தபின் மிச்சம் இருக்கும் அட்டவணையில், காலிக் கட்டங்களில் பூஜ்யம் போட்டு எஸ்விடி எடுத்தால் ஒரே கட்டளையில் வேலை முடிந்துவிடும். ஆளுக்கும் படத்துக்கும் k எண்களை வைத்து எட்டக்கூடியதில், கணிதப்படி அதுதான் அந்த அட்டவணைக்கு மிக நெருக்கமான தோராயம் என்ற உத்தரவாதமும் உண்டு. ஆனால் எந்த அட்டவணைக்கு? நாம் பூஜ்யம் போட்டு நிரப்பிய அட்டவணைக்கு. பதினாறு கட்டத்தில் பதினைந்து நாமே போட்டவை.

ஒரு சின்னக் கணக்கில் இதன் விளைவைப் பார்க்கலாம். k = 1 என்று வைத்துக்கொள்வோம். மூன்று படங்களின் எண்கள் 1.2, 0.5, −1.0. ஒருவர் அவற்றுக்குப் போட்ட மதிப்பீடுகள், சாய்வு கழித்தபின், +1, +0.5, −1.5. அவருடைய எண்ணைக் கண்டுபிடிக்க, படத்தின் எண்ணையும் மதிப்பீட்டையும் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 1.2 + 0.25 + 1.5 = 2.95. அதைப் பட எண்களின் வர்க்கக் கூட்டலால் வகுக்க வேண்டும்: 1.44 + 0.25 + 1.0 = 2.69. விடை 1.10. இப்போது அவர் பார்க்காத 47 படங்களையும் பூஜ்யமாகச் சேருங்கள். அவற்றின் எண்களின் வர்க்கம் சராசரியாக 0.5 என்றால் மேலே இருக்கும் 2.95 மாறாது, கீழே மட்டும் 23.5 கூடும். விடை 0.11. அவருடைய ரசனை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப்போனது. அவர் எதுவும் சொல்லாத 47 படங்களைப் பற்றி, "இவருக்கு இவை சாதாரணம்" என்று நாம் சொல்லிவிட்டதால் வந்த வினை.

இப்படி நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. ஊகங்களின் பரவலைப் பாருங்கள். எல்லா ஊகமும் சாய்வுகள் சொன்னதை ஒட்டியே நின்றால் இந்த நோய்தான்.

ஆனாலும் இதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. 2010இல் கிரெமொனேசி, கோரன், டுரின் ஆகிய மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். நட்சத்திர எண்ணைச் சரியாக ஊகிப்பதை விட்டுவிட்டு, முதல் சில இடங்களில் சரியான படம் வருகிறதா என்று மட்டும் பார்த்தபோது, காலியிடத்தில் பூஜ்யம் போட்டு எடுத்த எஸ்விடி நன்றாகவே நின்றது. காரணம் இருக்கிறது. ஆட்கள் படங்களைச் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதில்லை. பிடிக்கும் என்று தோன்றுவதைத்தான் தேடிப் பார்க்கிறார்கள். அதனால் பார்க்காமல் விட்டதிலும் கொஞ்சம் செய்தி இருக்கிறது. பத்துப் படங்களின் பட்டியல் மட்டும் போதும், பக்கத்தில் நட்சத்திரம் காட்டத் தேவையில்லை என்றால், முதல் நாளே இதை ஓட்டிப் பார்த்து ஒப்பிடும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொன்றாகத் தொட்டுத் திருத்துவது

2006 அக்டோபரில் நெட்ஃப்ளிக்ஸ் பத்து லட்சம் டாலர் பரிசுப் போட்டி அறிவித்தது. 4,80,189 பேர், 17,770 படங்கள், பத்துக் கோடிக்குச் சற்று மேற்பட்ட மதிப்பீடுகள். அங்கே அட்டவணையின் 1.2 சதவீதம்தான் நிரம்பியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சைமன் ஃபங்க் என்ற புனைபெயரில் ஒருவர், போட்டியில் மூன்றாம் இடத்துக்கு வந்த தன் முறையை அப்படியே வெளியில் சொல்லிவிட்டார். காலியிடங்களைத் தொடவே வேண்டாம், தெரிந்த மதிப்பீடுகளை மட்டும் ஒவ்வொன்றாக எடு, ஊகி, பிழையைப் பார், அந்தப் பிழை குறையும் பக்கம் இரண்டு எண்களையும் கொஞ்சம் நகர்த்து. அவ்வளவுதான். இதன் பிறகு போட்டியில் இருந்த பலரும் இந்தப் பாதையில் நடந்தார்கள்.

மேலே பார்த்த அதே ஆளை இந்த வழியில் நடத்திப் பார்ப்போம். அவருடைய எண் 0.1இல் தொடங்குகிறது, நகர்த்தும் அளவு 0.05, கடிவாளம் 0.02. முதல் படத்துக்கு ஊகம் 0.12, உண்மை 1, பிழை 0.88. எண் 0.1 + 0.05 × (0.88 × 1.2 − 0.02 × 0.1), அதாவது 0.153 ஆகிறது. இரண்டாவது படத்தைத் தொட்டதும் 0.163. மூன்றாவதைத் தொட்டதும் 0.230. நேரே தீர்த்தால் வருவது 1.10, ஒரு சுற்றில் நாம் வந்திருப்பது 0.23. உண்மையில் இதே சுற்றில் படங்களின் எண்களும் நகர்ந்துகொண்டிருக்கும். ஆகவே பல சுற்றுகள் வேண்டும். சர்ப்ரைஸ் லைப்ரரியில் முன்கூட்டி வைத்திருப்பது 20 சுற்றுகள், நகர்த்தும் அளவு 0.005.

இதில் தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டு அணிகளையும் பூஜ்யத்தில் தொடங்கினால் எதுவும் நகராது, ஏனென்றால் ஒன்றின் நகர்வை மற்றதால் பெருக்குகிறோம். பிழை, சாய்வுகள் கொடுத்த 0.944இலேயே அசையாமல் நின்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். நகர்த்தும் அளவு பெரிதானால் எண்கள் சுற்றுக்குச் சுற்று வெடித்துத் திரையில் `nan` வரும். மதிப்பீடுகளைக் கலைக்காமல் ஆள்வாரியாக அடுக்கிக் கொடுத்தால், கடைசியில் வந்தவர்கள் படங்களின் எண்களைத் தங்கள் பக்கம் இழுத்துவிடுவார்கள். வெறும் பைத்தானில் இந்தச் சுழலை எழுதினால் மெதுவாக ஓடும் என்பதும் உண்மை.

ஆனால் இந்த வழிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒருவர் ஒரே ஒரு படத்துக்கு, எண் 0.5 உள்ள அந்த இரண்டாவது படத்துக்கு மட்டும், +1.5 போட்டிருக்கிறார் என்று வையுங்கள். நகர்த்தும் அளவு 0.005, 20 சுற்றுகள் என்றால் அவருடைய எண் 0.1இலிருந்து 0.17க்குத்தான் போயிருக்கும். நேரே தீர்த்தால் 1.5 ÷ 0.5, அதாவது 3! அதை வைத்து முதல் படத்தை ஊகித்தால் சராசரிக்கு மேல் 3.6 நட்சத்திரம், மொத்தம் 7ஐத் தாண்டிவிடும். மெதுவாக நகர்வதும் சீக்கிரம் நிறுத்துவதும் சேர்ந்து, கொஞ்சமாகச் சொன்னவர்களை அவர்கள் இடத்திலேயே அடக்கி வைத்துவிடுகின்றன. நாம் கேட்காமலேயே கிடைக்கும் காப்பு இது. ஏஎல்எஸ்ஸுக்கு மாறும்போது இதை இழக்கிறோம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நிறுத்திவைத்துத் தீர்ப்பது

படங்களின் அணியை அசையாமல் வைத்தால், ஒவ்வோர் ஆளின் k எண்களும் தனித்தனிச் சமன்பாட்டுத் தொகுதி. மேலே 2.95ஐ 2.69ஆல் வகுத்தோமே, அதையே k எண்களுக்கு விரித்தது. ஆட்கள் எல்லாரையும் தீர்த்துவிட்டு, அவர்களை நிறுத்திவைத்துப் படங்களைத் தீர்க்க வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து முறை மாற்றி மாற்றிச் செய்தால் போதும். வேலை முழுக்க இந்தச் சில வரிகளில் அடங்கிவிடும். இதில் `Q` நிறுத்திவைத்த அணி, `rows`இல் ஆளுக்கு ஒன்றாக, அவர் மதிப்பிட்ட படங்களின் வரிசை எண்களும் சாய்வு கழித்த மதிப்பீடுகளும்:

```python
import numpy as np

def solve(rows, Q, lam, c):
    k = Q.shape[1]
    P = np.zeros((len(rows), k))
    for u, (idx, r) in enumerate(rows):
        if len(idx) == 0:
            continue
        A = Q[idx]
        pen = lam * len(idx) + c
        P[u] = np.linalg.solve(A.T @ A + pen * np.eye(k), A.T @ r)
    return P
```

நகர்த்தும் அளவு என்ற ஒன்றே இங்கு இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு ஒன்று: பிழைகளின் வர்க்கக் கூட்டலையும் கடிவாளத்தின் தண்டத்தையும், அதாவது ஒவ்வோர் எண்ணின் வர்க்கத்தையும் அதற்குரிய கடிவாளத்தால் பெருக்கிக் கூட்டியதையும், சேர்த்த மொத்தம் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் குறைய வேண்டும், அல்லது அப்படியே நிற்க வேண்டும். கூடவே கூடாது. ஒரு முறை கூடினாலும் நாம் எழுதிய நிரலில் தவறு இருக்கிறது என்று அர்த்தம். எஸ்ஜிடியில் பிழை ஏறி இறங்கும்போது அது இயல்பான அலைச்சலா, நம் தவறா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே அந்தச் சந்தேகமே கிடையாது.

ஆபத்து கடிவாளத்தில்தான். எஸ்ஜிடியில் 0.02 என்று போட்டால் அது ஒவ்வொரு மதிப்பீட்டைத் தொடும்போதும் இழுக்கிறது. 50 படங்களை மதிப்பிட்டவருக்கு மொத்தமாக 0.02 × 50 = 1. அதே 0.02ஐ ஏஎல்எஸ்ஸின் மூலைவிட்டத்தில் ஒரே முறை கூட்டினால் அவருக்கு ஐம்பதில் ஒரு பங்குக் கடிவாளம்தான் கிடைக்கிறது. இந்தத் தொகுப்பில் எல்லாரும் குறைந்தது 20 படங்களையாவது மதிப்பிட்டவர்கள். k = 20 என்று வைத்து, கடிவாளம் பெயரளவுக்கு மட்டும் இருந்தால், 20 படம் போட்டவருக்கு 20 சமன்பாடு, 20 தெரியாத எண். அவர் சொன்னதெல்லாம் அட்சரம் பிசகாமல் பொருந்தும், சொல்லாதவற்றில் ஊகங்கள் தறிகெட்டு ஓடும். பயிற்சிப் பிழை பூஜ்யத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, சோதிப்பதற்காகப் பயிற்சியில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்த மதிப்பீடுகளின் பிழை 0.944ஐத் தாண்டி ஏறினால் இதுதான் நடக்கிறது.

நெட்ஃப்ளிக்ஸ் போட்டிக்காக எச்பி ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2008இல் சொன்ன தீர்வு, கடிவாளத்தை மதிப்பீடுகளின் எண்ணிக்கையால் பெருக்குவது. பெரிய தரவுகளைக் கையாளும் ஸ்பார்க் என்ற மென்பொருளில் உள்ள ஏஎல்எஸ் அந்தப் பெருக்கலைத் தானாகவே செய்கிறது. அதற்கு வெறும் 0.1 போன்ற எண் போதும். நம்முடைய நிரலில் அதுதான் `lam * len(idx)`. ஆனால் இது ஒரே ஒரு மதிப்பீடு உள்ளவரைக் காப்பாற்றாது. கொஞ்சம் முன்பு 3 என்று வந்த ஆளுக்கு 0.1 × 1 என்ற கடிவாளம் போட்டால் 0.75 ÷ 0.35, அதாவது 2.14. இன்னும் அதிகம்தான். ஒரு நிலையான 1ஐயும் சேர்த்தால் 0.75 ÷ 1.35, அதாவது 0.56. அதற்காகத்தான் `c`. எஸ்ஜிடியில் தானாகக் கிடைத்த காப்பை இங்கே நாமே கட்ட வேண்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைப்பது என் பழக்கம். `lam` 0.05, `c` 2 என்று தொடங்கி, ஒதுக்கிவைத்த மதிப்பீடுகளைப் பார்த்து மேலும் கீழும் நகர்த்துங்கள்.

`if len(idx) == 0` என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு மதிப்பீடு பெற்ற படங்கள் கணிசம். அந்த ஒன்றும் சோதனைப் பக்கம் போய்விட்டால், பயிற்சியில் அந்தப் படத்தின் நிரல் முழுக் காலி. `c` பூஜ்யமாக இருக்கும்போது அந்த வரியும் இல்லையென்றால் `Singular matrix` என்று ஓட்டமே நின்றுவிடும்.

k எவ்வளவு, சோதிப்பது எப்படி

k = 50 என்றால் 1,31,250 எண்கள். கையில் உள்ள மதிப்பீடுகளே ஒரு லட்சம்தான். தகவலைவிடத் தெரியாதவை அதிகமான பிறகு எல்லாப் பாரத்தையும் கடிவாளமே சுமக்கிறது. அது சரியாக இருந்தால் k கூடினாலும் கெடுதல் இல்லை, ஆனால் பெரிய லாபமும் இல்லை. 10, 20, 40 மூன்றையும் ஓட்டிப் பாருங்கள், அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

சோதனைக்கு மதிப்பீடுகளைக் குலுக்கி ஐந்தில் ஒன்றை ஒதுக்குவது வழக்கம், மேலே சொன்ன 0.934கூட அப்படிக் குலுக்கிப் பிரித்து எடுத்ததுதான். அதில் ஒருவர் ஏப்ரலில் போட்டதை வைத்து மார்ச்சில் போட்டதை ஊகிப்பதும் கலந்துவிடும். `u.data` கோப்பின் நான்காவது நிரலில் நேரம் இருக்கிறது. ஒவ்வொருவரும் கடைசியாகப் போட்ட சிலவற்றை ஒதுக்கினால், நிஜத்தில் நாம் செய்யப்போகும் வேலையையே சோதிக்கிறோம். எண் கொஞ்சம் மோசமாக வரும், பரவாயில்லை. குலுக்கிப் பிரித்த சோதனையிலேயே 0.85 என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். சாய்வுகளைக் கணக்கிடும்போது சோதனை மதிப்பீடுகளும் உள்ளே கலந்திருக்கும், போய்ப் பாருங்கள்.

நான் எடுப்பது

இந்த அளவு அட்டவணைக்கு நான் ஏஎல்எஸ்ஸைத்தான் எடுப்பேன். k = 20க்கு ஒரு முழுச் சுற்று சில கோடிப் பெருக்கல்கள், சாதாரண மடிக்கணினிக்கு அது ஒன்றுமே இல்லை. திருக வேண்டிய திருகுகள் குறைவு, தவறு நடந்தால் உடனே தெரியும். இதைவிடப் பெரிய காரணம், புதிதாக வருபவர். ஒருவர் இன்று சேர்ந்து ஏழு படங்களுக்கு நட்சத்திரம் போட்டால், படங்களின் அணியைத் தொடாமல் மேலே உள்ள `solve`ஐ அவர் ஒருவருக்கு மட்டும் அழைத்தால் போதும், 20 × 20 சமன்பாடு ஒன்று, அடுத்த நொடியில் பட்டியல் தயார். சரியாகச் சொன்னால், எஸ்ஜிடியில் பயிற்றுவித்த பட அணிக்கும் இதையே செய்யலாம். பலர் அங்கே முழுப் பயிற்சியையும் மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், தேவையில்லை.

நட்சத்திரமே இல்லாமல், யார் எதைப் பார்த்தார் என்ற பதிவு மட்டும் இருந்தாலும் ஏஎல்எஸ்தான். அங்கே காலிக் கட்டங்களையும் குறைந்த நம்பிக்கையோடு கணக்கில் சேர்க்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவான `Q.T @ Q`வை ஒரே முறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் அது கட்டுப்படியாகும் என்று ஹூ, கோரன், வோலின்ஸ்கி மூவரும் 2008இல் காட்டினார்கள். கோடிக்கணக்கான காலிக் கட்டங்களை எஸ்ஜிடி ஒவ்வொன்றாகத் தொட முடியாது.

எஸ்ஜிடியை எடுக்க வேண்டிய இடமும் உண்டு. நாள் போகப் போக ரசனை மாறுவது, படத்தின் வகை, மொழி என்று ஊகத்துக்குள் புதிய உறுப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகப்போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு முறையும் ஏஎல்எஸ்ஸின் சமன்பாட்டைத் திருப்பி எழுதுவது தலைவலி. எஸ்ஜிடியில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

நேற்று வெளிவந்து யாரும் மதிப்பிடாத படத்துக்கு இந்த மூன்றில் எதுவும் உதவாது. ஏஎல்எஸ்ஸில் அதன் k எண்களும் பூஜ்யமாகவே நிற்கும். எஸ்ஜிடியில் தொடக்கத்தில் போட்ட குருட்டு எண்கள் அப்படியே மிஞ்சியிருக்கும். அவற்றால் வரும் ஊகம் ரசனையைச் சொல்வது போலத் தெரியும், ஆனால் அது வெறும் சத்தம். அதனால் பரிந்துரைப் பட்டியலைக் காட்டுவதற்கு முன், ஐந்து மதிப்பீடுகூடப் பெறாத படங்களைத் தனியே பிரித்து, அவற்றுக்கு 'புதிதாக வந்தவை' என்று வேறு ஒரு வரிசை வைத்துவிடுங்கள். அங்கே நட்சத்திரம் காட்ட வேண்டாம்.